ஓடாத மணி நேரத்தின் செலவை யார் கணக்கில் எழுதுவது?

கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலோ ஒரு சிஎன்சி பட்டறைக்குப் போய், வரைபடத்தைக் காட்டி விலை கேட்டால், பெரும்பாலும் பதில் மணிக்கணக்கில்தான் தொடங்கும். இந்த மெஷினுக்கு மணிக்கு இவ்வளவு, இந்தப் பாகத்துக்கு இத்தனை நிமிடம், ஆகவே ஒன்றுக்கு இவ்வளவு. ஜாப் ஒர்க் தொழிலின் பேச்சுவார்த்தையே இந்த ஹவர் ரேட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆனால் அந்த ரேட் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் தடுமாறும். பக்கத்துப் பட்டறை வாங்கும் ரேட், போன வருட ரேட்டுடன் பத்து ரூபாய், வங்கித் தவணையை வேலை நாட்களால் வகுத்த தொகை என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள்.

ரேட்டைத் தவறாகப் போட்டால் வருடக் கடைசியில் ஒரு தொகை எந்தப் பொருளின் மீதும் ஏறாமல் நிற்கும். கணக்கியல் அதைக் குறை ஈர்ப்பு என்கிறது. தொழிற்சாலை செய்த மேற்செலவில் பொருள்களின் அடக்க விலையில் ஏற்றியதுபோக மிஞ்சிய பகுதி அது. அந்தப் பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. அதை எங்கே எழுதுவது என்பது மட்டுமே மீதிக் கேள்வி. நூறாண்டுக்கு மேலாகப் பொறியாளர்களும் கணக்காளர்களும் விவாதித்த கேள்வி இது. இன்றும் சிறு தொழிற்சாலைகளின் லாப நட்டக் கணக்கைத் திரித்துக் காட்டுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

கூலியிலிருந்து இயந்திரத்துக்கு

ஒரு பாகத்துக்குப் போன இரும்பையும், அதைச் செய்தவரின் கூலியையும் நேரடியாக அந்தப் பாகத்தின் பெயரில் எழுதிவிடலாம். வாடகை, தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம், காப்பீடு, பராமரிப்பு, கூலன்ட் எண்ணெய் போன்றவற்றை அப்படி எழுத முடியாது. அவை எல்லாப் பாகங்களுக்கும் பொதுவாகச் செய்யப்பட்டவை. இவைதான் தொழிற்சாலை மேற்செலவுகள். இவற்றை ஏதாவதொரு அளவுகோலால் பிரித்து ஒவ்வொரு பொருளிலும் ஏற்ற வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளில் அந்த அளவுகோல் கூலியாகவே இருந்தது. கூலியில் இத்தனை சதவீதம் மேற்செலவு என்று ஒரே வீதம் போட்டு முடித்துவிடுவார்கள். இங்கிலாந்துப் பொறியாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன் சர்ச் 1901-இல் 'எஞ்சினியரிங் மேகசின்' இதழில் எழுதிய தொடர் கட்டுரைகளில் இந்த வழக்கத்தைக் கேள்வி கேட்டார். பெரிய இயந்திரத்தில் நடக்கும் வேலைக்கும் வெறும் கைக்கருவியால் நடக்கும் வேலைக்கும் ஒரே சதவீதம் எப்படிப் பொருந்தும் என்பது அவர் வாதம். ஒவ்வொரு இயந்திரத்தையும் தனியொரு உற்பத்தி மையமாகக் கருதி, அது பிடிக்கும் இடம், அதன் தேய்மானம், அது இழுக்கும் மின்சக்தி எல்லாவற்றையும் கூட்டி, அதற்கென்று மணி வீதம் கண்டுபிடிக்கச் சொன்னார்.

அவர் சொன்னதன் நியாயம் ஒரு சிறு கணக்கில் தெரிந்துவிடும். விளக்கத்துக்காக ஒரு மாதிரிப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு சிஎன்சி லேத்துகள் கொண்ட பிரிவு ஒன்று, பிசிறு நீக்கிக் கைவேலை முடிக்கும் பெஞ்ச் பிரிவு ஒன்று. சிஎன்சி பிரிவின் ஆண்டு மேற்செலவு 48 லட்சம் ரூபாய், கூலி 12 லட்சம். பெஞ்ச் பிரிவின் மேற்செலவு 6 லட்சம், கூலி 15 லட்சம். மொத்தம் பார்த்தால் மேற்செலவு 54 லட்சம், கூலி 27 லட்சம். ஆகவே கூலிக்கு 200 சதவீதம் என்று முதலாளி ஒரே வீதம் வைக்கிறார்.

சிஎன்சி லேத்தில் ஆறு நிமிடத்தில் முடியும் ஒரு பிளாஞ்ச்சைப் பாருங்கள். ஓர் ஆபரேட்டர் இரண்டு மெஷின் பார்ப்பதால் அதற்குக் கூலி ரூ.7.50 மட்டுமே. 200 சதவீதக் கணக்கில் மேற்செலவு ரூ.15 ஏறும். அந்தப் பிரிவு ஆண்டுக்கு 16,000 மணி ஓடுகிறது என்று வைத்து மணி வீதம் போட்டால் மணிக்கு ரூ.300 வரும். ஆறு நிமிடத்துக்கு ரூ.30 ஆகும். பிளாஞ்ச் விழுங்கிய மேற்செலவில் பாதிதான் அதன் விலையில் ஏறியிருக்கிறது. மறுபுறம், பெஞ்ச்சில் பத்து ரூபாய்க் கூலிக்கு நடக்கும் வேலைக்கு உண்மையில் நான்கு ரூபாய்தான் மேற்செலவு. ஆனால் இருபது ரூபாய் ஏறுகிறது. விளைவு எளிது. பிளாஞ்ச் ஆர்டர்கள் குவியும், பெஞ்ச் வேலை ரேட் கட்டுப்படியாகவில்லை என்று வேறிடம் போகும். பட்டறை இரவும் பகலும் ஓடியும் கையில் காசு நிற்காது.

இயந்திரம் எங்கே வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறதோ, அங்கே இயந்திர மணிதான் சரியான அளவுகோல். எங்கே மனிதர் கை தீர்மானிக்கிறதோ, அங்கே மனித மணி அல்லது கூலிதான் சரி. ஒரே கூரையின் கீழ் இரண்டும் இருக்கலாம். அப்போது பிரிவுக்கு ஒரு வீதம் வைப்பதே முறை.

வகுக்கும் எண்ணில்தான் சூட்சுமம்

மணி வீதம் என்பது ஆண்டுச் செலவை ஆண்டு மணிகளால் வகுத்த ஈவு. பலரும் மேலே உள்ள செலவுத் தொகையை ரூபாய் ரூபாயாகச் சரிபார்ப்பார்கள், கீழே உள்ள மணிகளை உத்தேசமாகப் போட்டுவிடுவார்கள். உண்மையில் பெரிய பிழைகள் கீழேதான் நடக்கின்றன.

நமது மாதிரிப் பட்டறையில் வருடம் 300 வேலை நாள், நாளுக்கு எட்டு மணி வீதம் இரண்டு ஷிப்ட். ஒரு மெஷினுக்கு 4,800 மணி கிடைக்கிறது. இதில் திட்டமிட்ட பராமரிப்புக்கு 200 மணி போகும். ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு மாறும்போது ஜா மாற்றி, டூல் ஆஃப்செட் பார்த்து, முதல் பீஸ் சரிபார்க்கும் செட்டிங் வேலைக்கும், உணவு இடைவேளை போன்ற வழக்கமான நிறுத்தங்களுக்கும் 600 மணி போகும். மிச்சம் 4,000 மணி. நான்கு மெஷினுக்கு 16,000 மணி. இதுதான் அந்தப் பிரிவின் வழக்கமான உற்பத்தித் திறன்.

செட்டிங் நேரத்தைக் கழித்ததை ஒருவர் மறுக்கலாம். ஒரே பாகம் மாதக்கணக்கில் ஓடும் பட்டறையில் செட்டிங் சிறு தொகை, அதைப் பொதுவில் கரைத்துவிடலாம். ஐம்பது, நூறு பீஸ் ஆர்டர்கள் எடுக்கும் பட்டறையில் அப்படிச் செய்தால் சிறு ஆர்டரின் செட்டிங் செலவைப் பெரிய ஆர்டர் சுமக்கும். அங்கே செட்டிங் மணிகளையும் 16,000-உடன் சேர்த்து வகுத்து, அந்தந்த ஆர்டருக்கு அதன் செட்டிங் நேரத்தைத் தனியாக ஏற்ற வேண்டும். எந்த முறையானாலும் விதி ஒன்றுதான்: வகுக்கும்போது சேர்த்த மணியை விலை போடும்போதும் சேர்க்க வேண்டும், கழித்ததைக் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் வேலை குறையாத வருடத்திலும் குறை ஈர்ப்பு வரும்.

இனி மேலே உள்ள தொகை. நிலையான செலவுகள், அதாவது மெஷின் ஓடினாலும் நின்றாலும் வருபவை, முதலில். மெஷின் ஒன்று 30 லட்சம், பத்தாண்டு கழித்து 3 லட்சத்துக்குப் போகும் என்றால் ஆண்டுத் தேய்மானம் 2.70 லட்சம். நான்குக்கும் 10.80 லட்சம். அந்தப் பிரிவு பிடிக்கும் இடத்துக்கு வாடகை 3.60 லட்சம். மேற்பார்வையாளர், புரோகிராமர், தரம் பார்ப்பவர் சம்பளம் 9.60 லட்சம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் 2.40 லட்சம், காப்பீடு 60 ஆயிரம், மின்வாரியத்துக்கான டிமாண்ட் கட்டணம் 1.20 லட்சம். ஸ்டோரும் டூல் ரூமும் இந்தப் பிரிவுக்குச் செய்த சேவையின் பங்கு 3.80 லட்சம். எல்லாம் சேர்ந்து 32 லட்சம். 16,000 மணியால் வகுத்தால் மணிக்கு ரூ.200.

ஓடும்போது மட்டும் வரும் செலவுகள் இரண்டாவது. மணிக்கு எட்டு யூனிட் மின்சாரம், யூனிட் எட்டு ரூபாய் என்றால் ரூ.64. கூலன்ட், எண்ணெய், சில்லறை உதிரிகள் ரூ.36. ஆக ரூ.100. இரண்டும் சேர்ந்து மணி வீதம் ரூ.300. இந்த இரண்டு பகுதிகளையும் எப்போதும் தனித்தனியாக எழுதி வைத்திருக்க வேண்டும். ஏன் என்பது வருடக் கடைசியில் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. மெஷின் கடனுக்கான மாதத் தவணையை முழுதாக மேற்செலவில் சேர்ப்பவர்கள், பெரும்பாலும் தேய்மானத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். தவணையில் அசலும் உண்டு, வட்டியும் உண்டு. அசலைத் திருப்பிக் கட்டுவதும் தேய்மானமும் ஒரே மெஷினின் விலையைத்தான் குறிக்கின்றன. அதை இருமுறை ஏற்றினால் ரேட் செயற்கையாக உயர்ந்துவிடும். வட்டி வேறு விஷயம். அது நிதிச் செலவு. சரக்கிருப்பை மதிப்பிடும்போது பொதுவாக அதைச் சேர்ப்பதில்லை. விலை சொல்லும்போது சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே கணக்குப் புத்தகத்துக்கான வீதமும், வாடிக்கையாளரிடம் சொல்லும் வீதமும் வேறு வேறாக இருப்பதில் தவறில்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது, அவ்வளவே.

வருடக் கடைசியில் 8.32 லட்சம்

வருடம் முடிகிறது. பிரிவு உண்மையில் ஓடியது 12,800 மணி. மணிக்கு ரூ.300 வீதம் பொருள்களில் ஏறியது 38.40 லட்சம். ஆனால் உண்மையில் செலவானது 46.72 லட்சம். நிலையான செலவு 33.12 லட்சம், மாறும் செலவு 13.60 லட்சம். குறை ஈர்ப்பு 8.32 லட்சம்.

இந்த ஒற்றை எண்ணைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அதை முதலில் உடைக்க வேண்டும்.

திட்டமிட்டதைவிட 3,200 மணி குறைவாக ஓடியிருக்கிறது. ஓடாத மணிக்கு மாறும் செலவு கிடையாது, நிலையான ரூ.200 மட்டுமே வீணானது. ஆகவே மணிகள் குறைந்ததால் வந்த பள்ளம் 6.40 லட்சம். நிலையான செலவு 32 லட்சத்துக்குப் பதில் 33.12 லட்சம் ஆனதால் 1.12 லட்சம். மாறும் செலவு 12,800 மணிக்கு 12.80 லட்சம் ஆகியிருக்க வேண்டியது 13.60 லட்சம் ஆனதால் 80 ஆயிரம். மூன்றும் சேர்ந்தால் சரியாக 8.32 லட்சம். நிலையான வீதத்தையும் மாறும் வீதத்தையும் தனியே வைத்திருந்ததால்தான் இந்தப் பிரிப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ரூ.300 என்ற ஒரே எண் மட்டும் இருந்திருந்தால், 3,200 மணியை 300-ஆல் பெருக்கி, வேலை குறைந்ததால் 9.60 லட்சம் நட்டம் என்று தப்பாக முடிவு கட்டியிருப்பார்கள்.

அடுத்த படி, காரணம் தேடுவது. லாக் புத்தகத்தைப் புரட்டினால் 3,200 மணியில் 1,200 மணி ஒரே மெஷினின் ஸ்பிண்டில் பேரிங் போய், உதிரி வரும்வரை நின்ற நேரம் என்று தெரிகிறது. மீதி 2,000 மணி ஆர்டர் இல்லாமல் நின்றவை. கூடுதலான நிலைச் செலவு 1.12 லட்சத்தில் 80 ஆயிரம் அந்த ஸ்பிண்டிலைச் சரிசெய்த செலவு, 32 ஆயிரம் வாடகை உயர்வு. மாறும் செலவின் 80 ஆயிரம் முழுக்க மின்கட்டண உயர்வு.

மூன்று வழிகள், ஒரு பழைய வழக்கு

குறை ஈர்ப்பைத் தீர்க்கப் பாடப்புத்தகங்கள் மூன்று வழிகளைச் சொல்கின்றன. முதலாவது, துணை வீதம் ஒன்று போட்டு, விற்ற பொருள், முடிந்த சரக்கு, பாதி வேலையில் உள்ள சரக்கு என எல்லாவற்றின் மீதும் பரப்புவது. இரண்டாவது, அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில் நேரே எழுதுவது. மூன்றாவது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவது.

மூன்றாவது வழியை எளிதில் ஒதுக்கிவிடலாம். இந்த ஆண்டின் வாடகையை அடுத்த ஆண்டின் பொருள்மீது ஏற்றுவதற்கு நியாயம் கிடையாது. தொழிலின் ஒரு சுற்றே ஓராண்டைத் தாண்டும்போதுதான் அதைப் பரிசீலிக்கலாம். ஆண்டுக்குள்ளேயே ஒரு காலாண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவதைக்கூடச் சர்வதேச இடைக்கால நிதி அறிக்கைத் தரமான ஐஏஎஸ் 34 ஏற்பதில்லை. வருடக் கடைசியில் சமமாகிவிடும் என்ற நம்பிக்கை காலாண்டு அறிக்கைக்குப் போதாது என்பது அதன் நிலை.

உண்மையான விவாதம் முதல் இரண்டு வழிகளுக்கிடையில்தான். சர்ச், ஓடாத மணிகளின் செலவைத் துணை வீதம் வழியாக அந்த மாத வேலைகளின் மீதே ஏற்றினார். அந்த வீதம் உயர உயர, பட்டறையின் வீண் நேரம் நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரியும் என்பது அவர் எண்ணம். ஹென்றி கான்ட் இதை ஏற்கவில்லை. இன்று திட்ட அட்டவணைக்குப் பெயர் தந்திருக்கும் அதே கான்ட், 1915-இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்த கட்டுரையில் வேறொரு வழியைச் சொன்னார். ஒரு பொருளைச் செய்யத் தேவைப்பட்ட செலவை மட்டுமே அந்தப் பொருள் சுமக்க வேண்டும். சும்மா நின்ற இயந்திரங்களின் செலவு எந்தப் பொருளையும் உருவாக்கவில்லை, ஆகவே அது வணிகத்தின் நட்டம், லாப நட்டக் கணக்கில் போக வேண்டும்.

காலம் கான்ட் பக்கம் தீர்ப்பளித்தது. இந்தியாவில் கம்பெனிகளுக்கான கணக்குத் தரங்கள் ஏஎஸ் 2, இண்ட் ஏஎஸ் 2 இரண்டும் ஒரே விதியைச் சொல்கின்றன. நிலையான உற்பத்தி மேற்செலவை வழக்கமான உற்பத்தித் திறனின் அடிப்படையில் மட்டுமே பொருளில் ஏற்ற வேண்டும். உற்பத்தி குறைந்ததற்காகவோ ஆலை சும்மா நின்றதற்காகவோ ஒரு பொருளுக்கான மேற்செலவைக் கூட்டக் கூடாது. ஏறாமல் மிஞ்சியதை அந்தக் காலத்தின் செலவாக எழுத வேண்டும். மாறும் மேற்செலவை உண்மையான பயன்பாட்டின்படி ஏற்றலாம். இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனத்தின் உற்பத்தி மேற்செலவுத் தரமான சிஏஎஸ் 3-ம், வருமான வரிக்கான சரக்கு மதிப்பீட்டுத் தரமான ஐசிடிஎஸ் II-ம் வழக்கமான திறன் என்ற இதே அடிப்படையைத்தான் பிடித்திருக்கின்றன.

இந்த விதியை நமது 8.32 லட்சத்தின்மேல் வைத்துப் பார்ப்போம். மெஷின் பழுதாகியும் ஆர்டர் இல்லாமலும் ஓடாத 3,200 மணியின் 6.40 லட்சமும், ஸ்பிண்டில் பழுதின் 80 ஆயிரமும் எந்தப் பொருளையும் உருவாக்காதவை. இந்த 7.20 லட்சம் நேரே லாப நட்டக் கணக்குக்குப் போகும். வாடகை உயர்வும் மின்கட்டண உயர்வும் உற்பத்தியின் உண்மையான செலவுகள், முன்கூட்டிப் போட்ட வீதத்தில்தான் தவறு. மின்கட்டண உயர்வின் 80 ஆயிரத்தை ஓடிய 12,800 மணிகளால் வகுத்தால் மணிக்கு ரூ.6.25. வாடகை நிலைச் செலவு என்பதால் அதன் உயர்வான 32 ஆயிரத்தை வழக்கமான 16,000 மணிகளால் வகுக்க வேண்டும், மணிக்கு ரூ.2. ஆக மணிக்கு ரூ.8.25 துணை வீதம். வாடகை உயர்வில் ஓடாத மணிகளுக்கான ரூ.6,400-உம் லாப நட்டக் கணக்குக்கே போகும். விற்ற பொருள்களில் 10,240 மணி அடங்கியிருந்தால் அதற்கு ரூ.84,480. முடிந்த சரக்கில் 1,600 மணி, ரூ.13,200. பாதி வேலையில் உள்ள சரக்கில் 960 மணி, ரூ.7,920. இவ்வளவுதான் சரக்கிருப்பில் ஏற வேண்டியது.

இதற்குப் பதிலாக முழு 8.32 லட்சத்தையும் பரப்பியிருந்தால் துணை வீதம் மணிக்கு ரூ.65 ஆகியிருக்கும். கையிருப்பில் உள்ள 2,560 மணி வேலையின் மீது 1.66 லட்சம் ஏறியிருக்கும். சரியான தொகை 21,120 மட்டுமே. வித்தியாசமான 1.45 லட்சம் இந்த ஆண்டின் லாபமாகத் தோன்றும். ஓடாத மெஷினின் வாடகையும் தேய்மானமும் கிடங்கில் சொத்தாக உட்கார்ந்திருக்கும். அடுத்த ஆண்டு அந்தச் சரக்கு விற்கும்போது லாபம் காரணம் தெரியாமல் சரியும்.

சரக்கைக் குவித்து லாபம் காட்டுதல்

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. மணி வீதம் போடும் பட்டறையில் ஓடும் ஒவ்வொரு மணியும் ரூ.200 நிலைச் செலவை லாப நட்டக் கணக்கிலிருந்து எடுத்துச் சரக்கிருப்பில் வைக்கிறது. ஆகவே ஆர்டர் இல்லாத பிப்ரவரி, மார்ச்சில் மெஷினை ஓட்டிச் சரக்கைக் குவித்தால் குறை ஈர்ப்பு குறையும், காகிதத்தில் லாபம் கூடும். இது சட்ட விரோதம் அல்ல, விதிமுறைக்குள்ளேயே நடப்பது. அமெரிக்கக் கார் தொழிலைப் பற்றி புருகன், கிருஷ்ணன், செடாடோல் ஆகிய மூவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கண்டது. திறன் மிஞ்சியிருந்த நிறுவனங்கள் தேவைக்கு மேல் தயாரித்தன, பின்னர் அந்தக் கார்களை விற்க விளம்பரத்துக்கும் தள்ளுபடிக்கும் செலவழித்தன.

கண்டுபிடிக்கும் வழி எளியது. குறை ஈர்ப்பு குறைந்த அதே காலத்தில் முடிந்த சரக்கின் கையிருப்பு நாட்கள் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால், விற்பனைக்காக அல்லாமல் கணக்குக்காக மெஷின் ஓடியிருக்கிறது என்று பொருள்.

ரேட் ஏற ஏற ஆர்டர் இறங்கும்

கணக்குப் புத்தகத்தைவிடப் பெரிய சேதம் விலை சொல்லும் இடத்தில் நடக்கிறது. 8.32 லட்சம் பள்ளம் கண்ட முதலாளி, அடுத்த ஆண்டு நிஜமாக ஓடிய மணிகளை வைத்தே ரேட் போடுவோம் என்று முடிவெடுக்கிறார். 33.12 லட்சத்தை 12,800-ஆல் வகுத்தால் ரூ.258.75. மாறும் செலவு ரூ.106.25. மொத்தம் ரூ.365. பிளாஞ்ச்சின் மேற்செலவு ரூ.30-லிருந்து ரூ.36.50 ஆகிவிட்டது. அந்த ரேட் கட்டுப்படியாகாமல் ஒரு வாடிக்கையாளர் 3,200 மணி வேலையைப் பக்கத்துப் பட்டறைக்குக் கொடுத்துவிடுகிறார். ஓடிய மணி 9,600 ஆகிறது. அடுத்த ஆண்டின் ரேட் ரூ.451.25. இரண்டே ஆண்டில் ரேட் பாதிக்கு மேல் ஏறியும், பிரிவின் மொத்தச் செலவு பெரிதாக மாறவில்லை. தன் காலி நேரத்தின் விலையை வந்த வாடிக்கையாளரிடம் கேட்டதால் அவரையும் பட்டறை இழந்தது.

வழக்கமான திறனை அடிப்படையாக வைத்திருந்தால் அடுத்த ஆண்டின் ரேட் வேறு மாதிரி வரும். ஸ்பிண்டில் பழுதின் 80 ஆயிரத்தை நீக்கிய 32.32 லட்சத்தை 16,000-ஆல் வகுத்தால் ரூ.202. மாறும் செலவுடன் ரூ.308.25. மின்கட்டணமும் வாடகையும் ஏறியது வாடிக்கையாளருக்கு நியாயமாகச் சொல்லக்கூடிய காரணம். பக்கத்து மெஷின் சும்மா நின்றது அப்படியல்ல.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் டொனால்ட்சன் பிரவுன் 1924-இல் விளக்கிய விலைக் கொள்கையிலும் இதே அடிப்படை இருந்தது. ஒரு வருடம் கார் அதிகம் விற்றாலும் குறைவாக விற்றாலும், செலவை ஒரு நிலையான உற்பத்தி அளவை வைத்தே அந்த நிறுவனம் கணக்கிட்டது. அந்த அளவு திறனில் 80 சதவீதம் என்று வைக்கப்பட்டது. விற்பனையின் ஏற்ற இறக்கம் ஒவ்வொரு காரின் செலவையும் ஆட்டிப் படைக்காமல் இருக்க இது உதவியது.

எது வழக்கம்?

இந்த முறையின் முக்கிய எல்லையும் இங்கேதான் இருக்கிறது. வழக்கமான திறன் 16,000 மணி என்று யார் சொன்னது? இண்ட் ஏஎஸ் 2 அதைப் பல காலங்களின் அல்லது பருவங்களின் சராசரியாக, சாதாரண சூழ்நிலையில், திட்டமிட்ட பராமரிப்பு இழப்பைக் கழித்து எதிர்பார்க்கும் உற்பத்தி என்கிறது. உண்மை உற்பத்தி அதற்கு நெருக்கமாக இருந்தால் அதையே பயன்படுத்தலாம் என்றும் அனுமதிக்கிறது. ஐந்து ஆண்டாகத் தொடர்ந்து 12,800 மணியே ஓடும் பிரிவில் 16,000 மணியை வழக்கம் என்று சொல்வது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. அங்கே நான்கு மெஷின் தேவைதானா என்ற கேள்வி எழ வேண்டும். மறுபக்கம், ஒரு மோசமான ஆண்டைப் பார்த்துத் திறனை உடனே 12,800-க்கு இறக்கினால் மேலே சொன்ன ரேட் ஏற்றம் கதவைத் தட்டும்.

தமிழ்நாட்டுப் பட்டறைகள் இதை நேரில் அனுபவித்திருக்கின்றன. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டில் கோவைப் பகுதியின் சிறு தொழில்கள் நாளில் பல மணி நேரம் நின்றன. முதல் ஆண்டில் அந்த இழப்பு அசாதாரணமானது, லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே நிலை நீடித்தபோது, அந்தக் கால வழக்கமான திறனே குறைந்துவிட்டது என்று ஏற்பதா, ஜெனரேட்டர் செலவை மாறும் மேற்செலவாக ஏற்றுவதா என்ற கேள்விகள் வந்தன. 2020 மார்ச் 25-இல் தொடங்கிய நாடு தழுவிய ஊரடங்கு வேறு வகை. அது தெளிவாகவே அசாதாரணம். அந்த வாரங்களின் வாடகையையும் தேய்மானத்தையும் கிடங்குச் சரக்கின் மீது ஏற்ற இடமில்லை.

மிகை ஈர்ப்பு இதன் மறுபக்கம். ஆர்டர் பெருகி மூன்றாவது ஷிப்டும் ஓடினால், ரூ.200 வீதம் செலவைவிட அதிகமாக ஏற்றிவிடும். அசாதாரணமாக உற்பத்தி உயர்ந்த காலத்தில் ஒரு பொருளுக்கான நிலை மேற்செலவைக் குறைத்து, சரக்கு அதன் உண்மைச் செலவுக்கு மேல் மதிப்பிடப்படாமல் பார்த்துக்கொள்ளத் தரங்கள் சொல்கின்றன. மிஞ்சியதை ரகசிய லாபமாகச் சரக்கில் விட்டுவைக்கக் கூடாது.

மணிகள் நிஜமானவையா?

எல்லாக் கணக்கும் ஓடிய மணி என்ற ஒரே எண்ணின்மேல் நிற்கிறது. அது ஆபரேட்டரின் லாக் புத்தகத்திலிருந்து மட்டும் வந்தால், செட்டிங்கும் காத்திருப்பும் ஓடிய நேரமாக எழுதப்படுவது சகஜம். அப்போது குறை ஈர்ப்பு சிறிதாகத் தெரியும், பொருள்கள் விலை கூடியதாகத் தெரியும். சரிபார்க்க இரண்டு வழி உண்டு. பல சிஎன்சி கட்டுப்பாட்டுத் திரைகளில் RUN TIME, CYCLE TIME, PART COUNT என்ற எண்கள் இருக்கும். மாத முதல் நாளிலும் கடைசி நாளிலும் குறித்துக்கொண்டால் போதும். இரண்டாவது வழி மின்சாரம். மணிக்கு எட்டு யூனிட் என்றால் 12,800 மணிக்கு 1,02,400 யூனிட் வர வேண்டும். பிரிவுக்கென்று தனி சப்-மீட்டர் வைத்து, அது 90,000 யூனிட்தான் காட்டுகிறது என்றால் மணிகள் ஏற்றி எழுதப்பட்டிருக்கின்றன, அல்லது எட்டு யூனிட் என்ற கணிப்பு தவறு. இரண்டில் எது என்று அந்த மாதமே தெரிந்துவிடும்.

பெரிய கம்பெனிகளில் இதைச் செய்யச் செலவுக் கணக்காளர்கள் இருக்கிறார்கள். நான்கு மெஷின் பட்டறைக்கு ஒரு நோட்டு போதும். மாதம் ஒரு முறை அதில் மூன்று பத்திகள் நிரப்பினால் போதும்: ஓடிய மணி, காரணத்துடன் ஓடாத மணி, அந்த ஓடாத மணியை நிலை வீதத்தால் பெருக்கிய ரூபாய். மூன்றாவது பத்தியில் ஆர்டர் இல்லாததால் என்ற வரி தொடர்ந்து பெரிதாக இருந்தால் ரேட்டை ஏற்றக் கூடாது. நான்காவது மெஷினை விற்பதா, புது வாடிக்கையாளரைத் தேடுவதா என்று யோசிக்க வேண்டும். பழுது என்ற வரி பெரிதாக இருந்தால் பராமரிப்பைப் பார்க்க வேண்டும். பொருளின் விலையில் இந்த இரண்டு வரிகளுக்கும் இடமில்லை. இந்த நிதியாண்டின் கணக்கை முடிப்பதற்குள் ஒவ்வொரு பட்டறை முதலாளியும் தன் ஆடிட்டருடன் உட்கார்ந்து, தனது மெஷின்களின் வழக்கமான மணிகள் எத்தனை என்று ஒருமுறை எழுதி வைக்க வேண்டும்.